உஷார்! இரண்டாவது சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், புது போனுக்கு மட்டும் முகவரி கிடைக்காது

கள்ளக்குறிச்சியில் ஒரு டிஹெச்சிபி சர்வர், கல்வராயன்மலை மேல் வெள்ளிமலையில் இன்னொன்று. ஒன்று செத்தால் மற்றது பார்த்துக்கொள்ளும் என்று ஃபெயில்ஓவர் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. மற்றது பார்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அது பாதி முகவரிகளை வைத்துத்தான் பார்த்துக்கொள்ளும். அந்தப் பாதியும் நாளுக்கு நாள் கரையும். மீதியை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் வாய் திறந்து உத்தரவு தரும்வரை அது தொடாது. அந்த உத்தரவைத் தவறான நேரத்தில் தந்தாலோ, ஒரே முகவரி இரண்டு கருவிகளுக்குப் போய்ச் சேரும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் விழுப்புரத்தையும் கள்ளக்குறிச்சியையும் எப்படி நனைத்தது என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் மலைப்பாதையோரம் வரும் கேபிளுக்கும் ஆபத்து, கீழே மின்சாரத்துக்கும் ஆபத்து. சர்வர் சாவது ஒரு வகைக் கோளாறு, சர்வர்களுக்கு நடுவே கம்பி அறுவது இன்னொரு வகை. மலையில் இருக்கும் சர்வருக்கு இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எதிர்ப்பக்கம் பதில் இல்லை, அவ்வளவுதான். செத்துவிட்டதா, வழிதான் அறுந்ததா என்று அதற்குத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லா ஆபத்துக்கும் வேர் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கள்ளக்குறிச்சியில் தலைமை அலுவலகமும் வெள்ளிமலையில் விடுதியோடு கூடிய பயிற்சி நிலையமும் உள்ள ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தையும் ஃபைபர் வழியாக ஒரே நெட்வொர்க்காக இணைத்திருக்கிறார்கள். சின்ன நிறுவனங்களில் இதுதான் வழக்கம். கொடுப்பதற்கு வைத்திருக்கும் முகவரிகள் 10.20.8.50 முதல் 10.20.8.249 வரை, ஆக 200. கீழே இருப்பது முதன்மை சர்வர், மேலே இருப்பது துணை. இரண்டிலும் பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி. முதன்மையில் எழுதியிருப்பது இதுதான்:

```
failover peer "kalvarayan" {
  primary;
  address 10.20.8.5;
  port 647;
  peer address 10.20.8.6;
  peer port 647;
  max-response-delay 60;
  max-unacked-updates 10;
  mclt 1800;
  split 128;
}
```

சனிக்கிழமை மாலை 120 கருவிகள் முகவரி வாங்கி ஓடிக்கொண்டிருக்கின்றன. மீதி 80 காலி. இந்த எண்பதையும் இரண்டு சர்வர்களும் ஏற்கெனவே பங்கு பிரித்து வைத்திருக்கின்றன, ஆளுக்கு ஏறக்குறைய 40. ஒரே லாட்ஜுக்கு இரண்டு மேனேஜர்கள் காலி அறைகளின் சாவியைப் பாதிப்பாதியாக எடுத்து வைத்துக்கொள்வது போல. ஒருவரை ஒருவர் கேட்க முடியாமல் போனாலும் ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். தொடர்பு இருக்கும்வரை ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து எடுத்துச் சமன் செய்துகொள்வார்கள். தொடர்பு போய்விட்டால் கையில் இருப்பது மட்டும்தான்.

மாலை ஆறு மணிக்கு மின்னழுத்தம் எகிறி கீழே இருந்த சர்வரின் பவர் சப்ளை எரிந்துபோகிறது. அறுபது வினாடி பொறுத்துப் பார்த்த மலை சர்வர் தன் லாகில் இப்படி எழுதும்:

```
failover peer kalvarayan: I move from normal to communications-interrupted
```

யாரும் எதையும் உணர மாட்டார்கள். ஏற்கெனவே முகவரி வைத்திருக்கும் 120 கருவிகளும் புதுப்பிக்கக் கேட்கும்போது மலை சர்வர் தாராளமாகப் புதுப்பித்துக் கொடுக்கும், அந்த முகவரியை முதலில் கொடுத்தது எந்த சர்வராக இருந்தாலும். போனில் படம் ஓடும், பிரிண்டர் அச்சிடும். பொறுப்பாளர் மொபைலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஃபெயில்ஓவர் வேலை செய்கிறது, திங்கள்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சிக் குழு முடிந்து 30 பேர் கிளம்புகிறார்கள். அவர்களுடைய லீஸ் எட்டு மணி நேரத்துக்குள் காலாவதியாகிறது. சாதாரண நாளில் அந்த 30 முகவரிகளும் காலி வரிசைக்குத் திரும்பியிருக்கும். இப்போது திரும்பாது. ஒரு முகவரியைக் காலி என்று அறிவிக்க எதிர் சர்வரின் சம்மதம் வேண்டும், சம்மதம் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதனால் அவை காலாவதியான நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பழைய ஆளே திரும்பி வந்து கேட்டால் கொடுக்கலாம், புது ஆளுக்குக் கொடுக்கக்கூடாது. காலி இருப்பு இறங்கத்தான் செய்யும், ஏறவே ஏறாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

திங்கள் காலை புதுக் குழு வருகிறது, 55 போன்கள். முதல் 40 பேருக்கு முகவரி கிடைக்கிறது. மீதி 15 பேருக்குக் கிடைக்கவில்லை. ஓடும் கருவிகள் 90 பழையவை, 40 புதியவை, ஆக 130. 200 முகவரிகளில் 70 சும்மா கிடக்கின்றன. அவற்றில் 40 செத்துப்போன சர்வரின் பங்கு, 30 தொங்கிக்கொண்டிருப்பவை. எழுபது முகவரி காலியாக இருக்க, பதினைந்து பேர் வைஃபை சரியில்லை என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். ஆக்சஸ் பாயிண்டை மாற்றுவார்கள், பாஸ்வேர்டை மாற்றுவார்கள். நேற்றிலிருந்து இருப்பவர்களுக்கெல்லாம் நன்றாக வருவதால் சர்வர் மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

ஆகவே அடையாளத்தை மனத்தில் வையுங்கள்: பழைய கருவி வேலை செய்கிறது, புதுக் கருவிக்கு மட்டும் முகவரி வரவில்லை. போன் முகவரி தேடுவதாகவே காட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் `ipconfig` அடித்தால் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரியும், அதாவது யாரும் கொடுக்காததால் தானே வைத்துக்கொண்டது. உடனே சர்வரில் இதைத் தேடுங்கள்:

```
journalctl -u isc-dhcp-server | grep 'peer holds all free leases'
```

அந்த வரி ஒன்று கண்ணில் பட்டாலும் சந்தேகம் தீர்ந்தது. காலி முகவரிகள் எல்லாம் பேச முடியாத கூட்டாளியிடம் இருக்கின்றன என்று சர்வரே சொல்கிறது. லீஸ் கோப்பில் `failover peer` என்று தொடங்கும் கடைசிப் பகுதியைப் பார்த்தால் எப்போதிலிருந்து இந்த நிலை என்பதும் தெரியும். அங்கே இருக்கும் நேரம் உலகப் பொது நேரம், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மாலை ஆறு மணிக்குப் போனது 12:30 என்று பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து மத்தியானமே போய்விட்டது என்று வேறு காரணத்தைத் தேடி அலையாதீர்கள்.

இப்போது தீர்வு. உயிரோடு இருக்கும் சர்வரிடம், உன் கூட்டாளி செத்துவிட்டான், எல்லாம் இனி உன்னுடையது என்று சொல்ல வேண்டும். அந்த நிலைக்குப் பெயர் `partner-down`. சர்வரை நிறுத்தி, லீஸ் கோப்பில் கடைசியாக இருக்கும் `failover peer` பகுதியில் ஒரு வரியை மட்டும் மாற்றி, மறுபடி ஓட விடலாம்:

```
my state partner-down;
```

அடுத்த நொடியே எழுபது முகவரியும் கைக்கு வந்துவிடாது. `mclt` என்று 1800 வினாடி எழுதியிருக்கிறோம் அல்லவா, அந்த அரை மணி நேரம் காத்திருக்கும். எதிர் சர்வர் சாவதற்கு ஒரு நொடி முன்பு யாருக்காவது முகவரி கொடுத்து, அதை இந்தப் பக்கம் சொல்ல முடியாமலே போயிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் கொடுக்கும் லீஸ் அரை மணிக்கு மேல் போகக்கூடாது என்பது இருவருக்கும் பொது விதி. அதனால் அரை மணி கழிந்தால் அந்த ரகசியக் கடன் இருந்திருந்தாலும் தீர்ந்திருக்கும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம் என்று `mclt` மதிப்பை ஐந்து நிமிடமாக வைக்காதீர்கள். தொடர்பு அறுந்த நாளில் லீஸ்கள் எல்லாம் சிறிது சிறிதாக அந்த நீளத்துக்குச் சுருங்கிவிடும். அப்புறம் இருக்கும் ஒரே சர்வர் ஐந்து நிமிடம் தூங்கினாலே எல்லோருக்கும் வலை போய்விடும். அரை மணியோ ஒரு மணியோ இருப்பதுதான் நல்லது.

இனிதான் உண்மையான பயம். `partner-down` சொல்வதற்கு முன் கீழே இருக்கும் சர்வர் தானாக எழுந்துவிடாது என்பதை உறுதி செய்தீர்களா? ஐஎஸ்சி கையேட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு.

நடப்பதைப் பாருங்கள். திங்கள் மத்தியானம் மலை சர்வரை `partner-down` ஆக்கிவிட்டீர்கள். அது கீழ் சர்வரின் 40 முகவரிகளையும் எடுத்துப் புதுப் போன்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. மாலையில் மலையில் கரண்ட் போகிறது, யுபிஎஸ் தீர்ந்து அதுவும் அணைகிறது. அதே நேரம் கீழே யாரோ பவர் சப்ளையை மாற்றிவிட்டுப் போகிறார்கள். மின்சாரம் வந்தால் தானாக எழு என்று பயாஸில் வைத்திருப்பதால் கீழ் சர்வர் எழுகிறது. அதன் நினைவில் இன்னும் சனிக்கிழமை மாலைதான். தன் பங்கு 40 முகவரிகளும் காலி என்றே நம்புகிறது. கூட்டாளி `partner-down` ஆகிவிட்டான் என்று சொல்ல மலையில் யாரும் விழித்திருக்கவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறது. மலையில் ஒரு போன் ஏற்கெனவே வைத்திருக்கும் 10.20.8.117 கீழே கணக்குப்பிரிவு கம்ப்யூட்டருக்கும் போகிறது.

இப்படி முகவரி மோதினால் வலை மொத்தமாக நிற்காது. நின்றால்கூடக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு நிமிடம் வரும், மூன்று நிமிடம் போகும். ஒருவர் பக்கம் திறந்தால் மற்றவருக்கு அறும். பிரிண்டருக்கு அனுப்பியது எங்கோ போய்த் தொலையும். இதைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆகும்.

அதனால் வரிசை மாறவே கூடாது. முதலில் செத்த சர்வர் இருக்கும் இடத்துக்கு ஆள் போக வேண்டும். அதன் நெட்வொர்க் கேபிளைக் கையால் பிடுங்க வேண்டும், கேட்காமல் செருகாதே என்று ஒரு தாள் ஒட்ட வேண்டும். அது முடிந்தது என்று போனில் சொன்ன பிறகுதான் மேலே `partner-down`. சரி செய்து திரும்பக் கொண்டுவரும்போதும் மலை சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே கேபிளைச் செருக வேண்டும். அப்போது வந்தவர் மலை சர்வரிடமிருந்து முழுக் கணக்கையும் வாங்கிக்கொண்டு, அந்த அரை மணியையும் காத்திருந்து, பிறகுதான் வேலையில் இறங்குவார். திரும்பி வந்த சர்வர் அரை மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லவில்லையே என்று பதறி ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

இது சர்வர் செத்த கதை. சாகாமல் கம்பி மட்டும் அறுந்தால்? கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் பாதையில் மண் சரிந்து ஃபைபர் அறுகிறது. மேலேயும் ஒரு சர்வர், கீழேயும் ஒரு சர்வர், இரண்டும் நலம். இரண்டும் `communications-interrupted` நிலைக்குப் போகும். மேலே 40, கீழே 40 என்று அவரவர் பங்கிலிருந்து கொடுப்பார்கள். அதுவரை ஒரு மோதலும் வராது. பாதியாகப் பிரித்து வைத்ததன் பயனே இதுதான். இந்த நேரத்தில் முகவரி பற்றவில்லை என்று யாராவது `partner-down` சொன்னால் எல்லாம் கெட்டது. கேபிளை ஒட்டி வலை ஒன்றாகும்போது மேலேயும் கீழேயும் ஒரே எண்ணோடு கருவிகள் நிற்கும். கொடுப்பதற்கு முன் சர்வர் பிங் செய்து பார்க்குமே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அறுந்த கேபிளைத் தாண்டி அந்த பிங் போகாது.

இந்தக் காரணத்துக்காகத்தான் `auto-partner-down` என்ற வசதி இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. இத்தனை வினாடி பார்த்துவிட்டு, ஆளைக் கேட்காமல் தானே முடிவு செய்துகொள் என்பது அதன் வேலை. இரண்டு சர்வரும் ஒரே அறையில் ஒரே சுவிட்சில் இருந்தால் அதைப் போடுவதில் ஓரளவு நியாயம் உண்டு. நடுவே ஒரு மலைப்பாதை இருக்கும் இடத்தில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கம்பி அறுந்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், மற்றவன் செத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிடும். விண்டோஸ் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து இதே ஃபெயில்ஓவர் வருகிறது. அங்கும் தானாக நிலை மாறும் வசதி உண்டு, அங்கும் இயல்பில் அது அணைந்தே இருக்கும். அமைப்பு வழிகாட்டியில் டிக் போடும் கட்டம் கண்ணுக்கு நேராக இருப்பதால் நல்லதுதானே என்று போட்டுவிடுகிறார்கள். போட்டிருந்தால் இன்றே எடுங்கள். `Get-DhcpServerv4Failover` அடித்தால் இப்போதைய நிலையும் அந்த அமைப்பும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐஎஸ்சி டிஹெச்சிபி மென்பொருளுக்கான பராமரிப்பை அதை உருவாக்கிய நிறுவனமே 2022 இறுதியில் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக அவர்கள் தருவது கியா. கியாவுக்குப் போகிறவர்கள் பழைய ஃபெயில்ஓவர் அப்படியே இருக்கும் என்று நினைத்துப் போக வேண்டாம். கியா ஆளைக் கேட்பதில்லை, தானே `partner-down` நிலைக்குப் போகும். எதிர் சர்வர் பதில் சொல்லாதபோது, கருவிகள் எத்தனை நேரமாகப் பதிலின்றித் தவிக்கின்றன என்று அவை அனுப்பும் கோரிக்கையிலிருந்தே கணக்கிடும். `max-unacked-clients` என்ற எண்ணைத் தாண்டினால் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அந்த எண் இயல்பில் 10. அதைச் சுழியம் ஆக்கினால் இந்தச் சோதனையே நடக்காது, பதில் வராமல் குறித்த நேரம் கழிந்ததுமே எடுத்துக்கொள்ளும். வெள்ளிமலை போன்ற இடத்தில் அது நெருப்போடு விளையாட்டு. பத்தாகவே வைத்திருந்தாலும், ஃபைபர் அறுந்து இரண்டு பக்கமும் பத்துக்கு மேல் கருவிகள் தவித்தால் இரண்டு சர்வரும் எல்லாம் தன்னுடையது என்று எண்ணிவிடும். கியாவுக்கு மாறுவதாக இருந்தால் ஒரே வலையை மலைமேல் இழுத்துச் செல்லும் பழக்கத்தை முதலில் விடுங்கள். வெள்ளிமலைக்குத் தனி சப்நெட், கள்ளக்குறிச்சிக்குத் தனி சப்நெட், நடுவே ரவுட்டர். ரவுட்டரில் இரண்டு சர்வர் முகவரியையும் ரிலேயில் எழுதுங்கள். அப்படிப் பிரித்துவிட்டால் கம்பி அறுந்தாலும் மேலே உள்ள எண் கீழே உள்ள கருவிக்குப் போக வழியில்லை. சர்வர் கடிகாரங்களையும் ஒன்றாக வைத்திருங்கள். வித்தியாசம் 60 வினாடியைத் தாண்டினால் கியா இந்தக் கூட்டணியையே நிறுத்திவிடும்.

பழையதிலேயே தொடர்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது முகவரி இருப்பைப் பெருக்குவது. நம் கணக்கில் 120 கருவிகள் ஓடும்போது 55 புதியவை வருகின்றன. ஒரு சர்வரின் பங்கே ஐம்பத்தைந்தைத் தாங்க வேண்டுமானால் காலி இருப்பு குறைந்தது 110 வேண்டும், நம்மிடம் இருந்ததோ 80. வலையை 10.20.8.0/23 என்று ஒரு படி பெரிதாக்கி 400 முகவரிகள் வைத்தால் காலி 280, ஆளுக்கு 140. இரண்டு நாள், மூன்று நாள் ஒரு சர்வர் இல்லாவிட்டாலும் `partner-down` என்ற கத்தியைத் தொடவே தேவை வராது. உள்முகவரிகளுக்குக் காசு கிடையாது. ஆனால் நிலையான முகவரி வைத்திருக்கும் பிரிண்டர், கேமரா, ரவுட்டர் எல்லாவற்றிலும் சப்நெட் மாஸ்க்கைக் கையால் மாற்ற வேண்டும். அந்த ஒரு நாள் வேலைக்குச் சோம்பல்பட வேண்டாம்.

சோதித்துப் பார்த்தோம், சரியாக இருந்தது என்று சொல்பவர்களிடம் ஒரு கேள்வி: எந்தக் கருவியை வைத்துச் சோதித்தீர்கள்? உங்கள் சொந்த லேப்டாப்பில் பார்த்திருந்தால் அது சோதனையே இல்லை. பழைய லீஸைப் புதுப்பிப்பது எந்த நிலையிலும் நடக்கும். அந்த வலையில் இதுவரை சேராத ஒரு போன் வேண்டும். ஒழுங்காக விடைபெறும் கட்டளையால் சர்வரை நிறுத்திப் பார்ப்பதும் உதவாது. நான் போகிறேன் என்று அது சொல்லிவிட்டுப் போனால் எதிர் சர்வர் நேராக `partner-down` ஆகிவிடும், பாதி இருப்புப் பிரச்சினை கண்ணிலேயே படாது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். வெள்ளி மாலை பிடுங்கி ஞாயிறு மாலை வரை அப்படியே விடுங்கள், விடுதியில் ஆட்கள் வந்து போகும் வார இறுதியாக இருக்கட்டும். தினம் இரண்டு வேளை லாகில் அந்த `peer holds all free leases` வரி வருகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால் கேபிளைச் செருகிவிட்டு, முகவரிகளைப் பெருக்கும் வேலையைப் பருவமழைக்கு முன்பே தொடங்குங்கள்.